நாலு மணி பஸ் அத்தை: கதைக்குக் கதை வரும் ஒரு பாத்திரத்தை உருவாக்குவது எப்படி

தனித்தனிச் சிறுகதைகள் எழுத வேண்டும், ஆனால் எல்லாவற்றிலும் ஒரே ஆள் வரவேண்டும் என்று நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வாய்த்துடுக்கான ஓர் அத்தையை எடுத்துக்கொள்வோம். அவளை இங்கேயே ஒவ்வொரு படியாக உருவாக்கிப் பார்க்கலாம்.

முதலில் உறவு, அப்புறம் பெயர்

புதிதாக எழுதுகிறவர்கள் முதலில் அத்தைக்கு ஒரு பெயரும் நாலு வசவும் யோசித்து வைத்துக்கொள்கிறார்கள். அதற்கு முன்னால் அவள் யாருக்கு என்ன உறவு என்று முடிவு செய்யுங்கள். பேச்சுக்கான உரிமை அங்கிருந்துதான் வருகிறது.

சித்தி திட்டினால் அம்மாவின் சாயல் இருக்கும், பாதித் திட்டு கொஞ்சலாகப் போய்விடும். பெரியம்மா திட்டினால் அது தீர்ப்பு. தாய்மாமன் மனைவி வெளியிலிருந்து வந்தவள், சொல்லை அளந்துதான் விடுவாள். அப்பாவின் தங்கையான அத்தை இந்த வீட்டில் பிறந்தவள். உங்கள் அப்பா பள்ளிக்கூடத்தில் அடி வாங்கிக்கொண்டு வந்த நாளெல்லாம் அவளுக்கு நினைவிருக்கும். பல வீடுகளில் அண்ணன் கல்யாணத்தில் மூன்றாவது முடிச்சைப் போட்டவள் அவள்தான். இத்தனை உரிமை இருந்தும் இன்றைக்கு அவள் இந்த வீட்டுக்கு விருந்தாளி. அடுப்படி மதினியுடையது. அவள் படுத்திருந்த அறையில் இப்போது அண்ணன் மகன் படிக்கிறான். பிறந்த உரிமையும் விருந்தாளி நிலையும் உரசிக்கொள்ளும் இடத்தில்தான் அத்தையின் நாக்கு தீட்டப்படுகிறது.

உறவை முடிவு செய்தால் அழைக்கும் முறையும் கூடவே வந்துவிடும். அத்தைக்கு அண்ணன் பிள்ளைகள் மருமகனும் மருமகளும். அக்கா தங்கை பிள்ளைகள்தான் மகனும் மகளும். எல்லோரையும் 'டேய் கண்ணா' என்று கூப்பிடும் அத்தைகளைக் கதைகளில் நிறையப் பார்க்கிறேன். அங்கேயே பாத்திரம் கரைந்துபோகிறது. நம் அத்தை அண்ணனை 'அண்ணே' என்பாள், மதினியை 'மைனி' என்பாள். அண்ணன் மகனை 'மருமவனே' என்பாள், கோபம் வந்தால் மட்டும் 'ஏல'. அவளைவிட மூத்த மதினி அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். இந்த வரிசையை ஒரு தாளில் எழுதி ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். 'மருமவனே' எப்போது 'ஏல' ஆகிறது என்பதிலேயே வாசகருக்கு அவள் கோபத்தின் சூடு தெரிந்துவிடும். 'அத்தை கோபமாகச் சொன்னாள்' என்று எழுத வேண்டியதில்லை.

'சொன்னாளா', 'சொன்னாரா' என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். கதையைச் சொல்வது அண்ணன் மகன் என்றால் 'அத்தை சொன்னாள்' நெருக்கமாக இருக்கும். 'சொன்னார்' என்றால் ஒரு அடி தள்ளி நிற்கிறோம். இரண்டும் சரிதான், ஆனால் மூன்றாவது கதையில் மாறக்கூடாது.

ஊரும் தொழிலும்

நம் அத்தைக்குக் கோமதி என்று பெயர் வைக்கிறேன். அந்தப் பெயரைக் கேட்டதும் தெற்கத்தி ஆட்களுக்குச் சங்கரன்கோவில் அம்மன் நினைவுக்கு வரும். பிறந்த வீடு திருநெல்வேலி டவுனில், நெல்லையப்பர் கோயில் ரத வீதிக்குப் பக்கத்துச் சந்து. பிறந்தது 1961. 1982-இல் சங்கரன்கோவிலில் ஒரு தறிக்கார வீட்டில் வாழ்க்கைப்பட்டாள். அங்கே துணியில் குறுக்கே ஓடும் ஊடை நூலுக்குத் தார் சுற்றினாள், நெடுக்கே ஓடும் பாவு இழைகளை எண்ணினாள், பிறகு வீட்டில் விசைத்தறி வந்தது.

தொழிலை இவ்வளவு குறிப்பாக வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. விசைத்தறி ஓடும் வீட்டில் நீளமாகப் பேசினால் பாதிதான் அடுத்தவர் காதில் விழும். அதனால் அவள் வாக்கியம் குட்டையாகிவிட்டது. எழுவாயை விட்டுவிடுவாள், காரியமான சொல்லை மட்டும் சொல்வாள். தறி நின்ற பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. இனி அவள் ஏழெட்டுச் சொல்லுக்கு மேல் ஒரே மூச்சில் பேசினால் அது அவள் இல்லை என்று எனக்கே தெரிந்துவிடும். 'சுருக்கென்று பேசுவாள்' என்று மட்டும் குறித்து வைத்திருந்தால் அந்தப் பிடி கிடைத்திருக்காது.

உவமைகளும் அங்கிருந்தே வரும். இழை அறுவது, முடிச்சு, பாவு, ஊடை, கஞ்சி போட்ட நூலின் விறைப்பு. சமையல், கிரிக்கெட், சினிமா என்று எல்லா இடத்திலிருந்தும் உவமை எடுத்தால் அத்தை மறைந்து, கெட்டிக்காரத்தனமாகப் பேசும் எழுத்தாளர் தெரிவார். ஒரு கதைக்கு ஒரு தறி உவமை போதும். பல கதைகளில் ஒன்றுகூட வேண்டாம்.

வட்டார வழக்கைப் பற்றி ஒன்று. முழுப் பேச்சையும் நெல்லைத் தமிழில் எழுதினால் வெளியூர்க்காரர் திணறுவார். எழுதுகிறவர் அந்த ஊர்க்காரர் இல்லை என்றால் பத்து வரிக்குள் பிசகும். மூன்று அடையாளங்களை மட்டும் எடுத்துக்கொண்டு அவற்றை விடாமல் கடைப்பிடியுங்கள். கோமதிக்கு நான் எடுத்துக்கொண்டவை: 'சொல்றேன்' இல்லை, 'சொல்லுதேன்'. மரியாதைக்குரியவர்கள் 'வந்தாங்க' இல்லை, 'வந்தாவ'. உறுதியாகச் சொல்லும்போது 'சொன்னேம்லா' என்று கடைசியில் ஒரு 'லா'. மற்ற சொற்கள் எல்லோருக்கும் புரியும் பேச்சுத் தமிழாகவே இருக்கட்டும்.

எது அவளை வலிக்கச் செய்தது

இதை முதல் கதையில் சொல்லக்கூடாது, ஆனால் முதல் கதை எழுதும் முன்பே உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பூர்வீகச் சொத்தில் மகள்களுக்கும் சம பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-இல் சட்டத் திருத்தம் வந்தது. அதற்கு முன்பே கல்யாணம் ஆனவர்களுக்கு அது பொருந்தவில்லை. கோமதியின் கல்யாணம் 1982. 1994-இல் அண்ணன்மார் வீட்டைப் பிரித்துப் பத்திரம் போட்டுக்கொண்டபோது அவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 2005-இல் மத்தியச் சட்டம் மாறி, கல்யாணமான மகள்களுக்கும் பங்கு என்று ஆனபோது இந்த வீட்டில் பிரிவினை முடிந்து பத்து வருடம் தாண்டிவிட்டது. அவள் பங்கு கேட்கவும் இல்லை. கேட்டிருக்க மாட்டாள். ஆனால் 'ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்' என்பது உள்ளே இருக்கிறது.

இது தெரிந்த பிறகு எழுதிப்பாருங்கள். அண்ணன் வீட்டுச் சுவரில் ஆணி அடிப்பதைப் பார்த்து அவள் ஒரு சொல் விட்டால், அந்தச் சொல்லுக்குப் பின்னால் முப்பது வருடம் இருக்கும். காயம் இல்லாத வாய்த்துடுக்கு இரண்டாவது கதையிலேயே சலித்துவிடும், ஏனென்றால் அவள் ஏன் இப்படிப் பேசுகிறாள் என்ற கேள்வியே வாசகருக்கு எழுவதில்லை.

யாரை அவள் தொடமாட்டாள் என்பதையும் இங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். கோமதி பெருமையடிப்பவர்களை விடமாட்டாள், கடன் வாங்கிச் செலவு செய்பவர்களை விடமாட்டாள், தனக்குத்தானே பொய் சொல்லிக்கொள்பவர்களை விடவேமாட்டாள். ஒருவரின் நிறத்தையோ உடம்பையோ வறுமையையோ பிள்ளை இல்லாததையோ சொல்லிக் குத்தமாட்டாள். திருப்பிப் பேச முடியாதவரை அத்தை ஒருமுறை குத்திவிட்டால், அடுத்த பத்துக் கதைகளில் அவள் என்ன நல்லது செய்தாலும் வாசகர் மனம் திரும்பாது. இந்த ஒரு விஷயத்தில் விதிவிலக்கே வைக்காதீர்கள்.

அவள் வாயில் எப்போதும் வரும் சொல்

இதற்குத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும்.

பழமொழியை எடுத்துக்கொள்ள வேண்டாம். 'ஆத்துல போட்டாலும் அளந்து போடு' என்பது ஊருக்கே சொந்தம். அதை அவள் எத்தனை முறை சொன்னாலும் அவளுடையதாகாது. நகைச்சுவைத் துணுக்கும் வேண்டாம், இரண்டாம் முறை சொல்லும்போதே அதன் உயிர் போய்விடும். தனியாகப் பார்த்தால் சாதாரணமாக இருக்கும் ஒரு சொல்தான் வேண்டும். இடத்துக்கு இடம் அதன் பொருள் மாறவேண்டும். அவள் வாழ்க்கையிலிருந்து வந்திருக்க வேண்டும்.

பாவில் ஓர் இழை குறைந்தாலும் துணியில் தெரியும். அதனால் தறிவீட்டில் எண்ணுவது ஓயாத வேலை. அங்கிருந்து கோமதிக்கு ஒரு கேள்வி கிடைத்தது: 'எண்ணிப் பாத்தியா?' தமிழில் எண்ணுவது என்றால் கணக்கிடுவதும்தான், நினைத்துப் பார்ப்பதும்தான். கடையில் மீதிச் சில்லறை வாங்கி வந்தவனிடம் கேட்டால் ஒரு பொருள். 'அவளைத்தான் கட்டுவேன்' என்று நிற்கும் மருமகனிடம் கேட்டால் வேறு பொருள். மாத்திரை போட்டேனா இல்லையா என்று குழம்பி நிற்கும் அண்ணனிடம் மெதுவாகக் கேட்டால் அதே சொல் பாசமாகிவிடும்.

இரண்டாவது சொல் அந்தக் காயத்திலிருந்து வந்தது. அண்ணன் வீட்டில் ஒரு விஷயத்தைப் பிடித்து உலுக்கி எல்லோரையும் பதற வைத்துவிட்டு, கடைசியில் சொல்வாள்: 'எனக்கென்ன, நான் நாலு மணி பஸ்ஸுக்குப் போறவ.' நான் விருந்தாளிதானே, என்னிடமா கேட்டீர்கள் என்பது அதன் உட்பொருள். ஆனால் அவள் நாலு மணி பஸ்ஸுக்குப் போனதே இல்லை. சில நாள் ஆறு மணி, சில நாள் மறுநாள் காலை.

இரண்டு போதும். மூன்றாவதைச் சேர்த்தால் ஒன்று மற்றொன்றைத் தின்றுவிடும்.

எத்தனை முறை பயன்படுத்துவது? ஒரு கதையில் ஒரு சொல் ஒரே ஒரு முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்துக் கதைகளில் ஏழில் வந்தால் போதும், மூன்றில் வராமலே இருக்கட்டும். முதல் மூன்று கதைகளில் கட்டாயம் வரவேண்டும், அப்போதுதான் வாசகர் மனதில் தங்கும். நாலாவதில் சொல்ல வேண்டிய இடம் வந்தும் அவள் வாயைத் திறக்காமல் இருக்கட்டும். வாசகர் தானே மனதுக்குள் சொல்லிக்கொள்வார். ஏழெட்டுக் கதைகளுக்குப் பிறகு அவள் இல்லாத இடத்தில் மைனி அதைச் சொல்லலாம், அல்லது அண்ணன் மகள் அவளிடமே திருப்பிக் கேட்கலாம். ஒவ்வொரு கதையும் இந்தச் சொல்லோடுதான் முடிய வேண்டும் என்று மட்டும் வைக்காதீர்கள். முடிவு முன்பே தெரிந்தால் நடுவில் யாரும் நின்று படிக்கமாட்டார்கள்.

ஒரு காட்சியை எழுதிப் பார்ப்போம்

அண்ணன் மகன் தவணையில் பைக் வாங்கி வந்திருக்கிறான். முதல் வரைவு பெரும்பாலும் இப்படித்தான் வரும்:

"ஏண்டா, உனக்கு அறிவிருக்கா? சம்பாதிக்க வக்கில்லாதவனுக்கு பைக் ஒரு கேடா? எண்ணிப் பாத்தியா? இந்தக் காலத்துப் பசங்களுக்குக் காசோட அருமையே தெரியறதில்ல!"

இதை எந்த அத்தையும் எந்த மாமாவும் சொல்லலாம். 'வக்கில்லாதவன்' என்பது அவள் தொடமாட்டாள் என்று நாம் விலக்கிவைத்த இடம். 'எண்ணிப் பாத்தியா' வெறுமனே ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதை எடுத்துவிட்டாலும் ஒன்றும் குறையாது. இனி, வண்டி விலை 1,25,000 ரூபாய், கையில் கொடுத்தது 20,000, மீதிக்கு மாதம் 3,900 வீதம் 36 மாதம் என்று கணக்கை நிஜமாகவே போட்டு வைத்துக்கொண்டு திரும்ப எழுதுவோம்.

அத்தை வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தாள்.

"எவ்வளவு மருமவனே?"

"மாசம் மூவாயிரத்துத் தொள்ளாயிரம்தான் அத்தை."

"தான்."

"முப்பத்தாறே மாசம்."

"எண்ணிப் பாத்தியா?"

"அதான் சொன்னேனே, முப்பத்தாறு."

"மாசத்த எண்ணிட்ட. ரூவாய?"

நான் போனை எடுத்தேன். அத்தை கண்ணை மூடி விரல்களை மடக்கினாள். நான் கணக்குப் போட ஆரம்பிக்கும் முன்பே அவள் முடித்துவிட்டாள்.

"ஒரு லச்சத்து நாப்பதாயிரத்து நானூறு. கையில குடுத்தது?"

"இருபதாயிரம்."

"ஒண்ணேகால் வண்டிக்குக் குடுக்க. கால் வண்டி எங்கல?"

உள்ளே இருந்து அம்மா சொன்னாள், "விடு கோமதி, பிள்ள ஆசப்பட்டுட்டான்."

"ஆசய நான் ஒண்ணும் சொல்லல மைனி. எனக்கென்ன, நான் நாலு மணி பஸ்ஸுக்குப் போறவ."

மணி நாலேகால் ஆகியிருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டு வண்டியை உள்ளே தள்ளப் போனேன். அத்தை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

"கோயிலுக்கு விடு. புது வண்டிக்குப் பூச போடாண்டாமா?"

இதில் அத்தை அவனை ஒரு வசவுகூடச் சொல்லவில்லை. அவன் சொன்ன 'தான்' என்ற சொல்லைப் பிடித்துத் திருப்பி வைத்தாள். அடுத்தவரின் சொல்லையே எடுத்து அவரிடம் நீட்டுவது அவள் பேச்சின் இன்னொரு பழக்கம், இதையும் குறித்துக்கொள்ளுங்கள். கணக்குச் சரியாக இருப்பதால்தான் 'கால் வண்டி' என்ற அடி விழுகிறது. தோராயமாக எழுதியிருந்தால் அந்த வரியே கிடைத்திருக்காது. 'மருமவனே' என்று ஆரம்பித்தவள் 'எங்கல' என்று மாறும் இடத்தையும் பாருங்கள். கடைசியில் பாசத்தை வாயால் சொல்லவில்லை, வண்டியில் ஏறிவிட்டாள். ஒரே கதையில் இரண்டு சொற்களும் வந்திருப்பது முதல் கதை என்பதற்காக மட்டும். அடுத்ததில் ஒன்றைத்தான் விடவேண்டும்.

மைனி இல்லாமல் இந்தக் காட்சி நிற்காது என்பதையும் கவனியுங்கள். கூர்மையான பேச்சுக்கு எதிரில் மெதுவாகப் பேசும் ஒருவர் வேண்டும். இருவரும் கூர்மையாகப் பேசினால் அது பட்டிமன்றம். மூன்று கதைக்கு ஒருமுறையாவது மைனி ஜெயிக்கட்டும்.

சரியாக வந்திருக்கிறதா என்று பார்ப்பது

உங்கள் மூன்று கதைகளிலிருந்து அத்தை, மைனி, அண்ணன், மருமகன் நால்வரின் பேச்சையும் தனித்தனி வரியாக வெட்டியெடுங்கள். பெயர்களையும் அடிக்கடி வரும் அந்த இரண்டு சொற்களையும் அடித்துவிட்டு, வரிகளைக் கலைத்து ஒரு நண்பரிடம் கொடுங்கள். யார் எதைச் சொன்னது என்று அவர் பிரிக்கட்டும். அத்தையின் பத்து வரியில் எட்டைக் கண்டுபிடித்தால் குரல் நிற்கிறது. அந்த இரண்டு சொற்களையும் எடுத்ததும் அவளை அடையாளம் தெரியவில்லை என்றால், நீங்கள் உருவாக்கியிருப்பது ஆள் இல்லை, முத்திரை மட்டும்தான். அப்போது தொழில், வாக்கிய நீளம், அழைக்கும் முறை ஆகியவற்றுக்குத் திரும்பிப் போங்கள். புதுச் சொல் சேர்ப்பது மருந்தாகாது.

சத்தமாக வாசித்துப் பார்ப்பதும் உதவும். மூச்சு வாங்கும் இடத்தில் வாக்கியம் நீண்டுவிட்டது என்று அர்த்தம்.

இரண்டு பக்கக் குறிப்பு

நான் எழுதிய ஒரு தொடரில் ஒரு பாட்டிக்கு இரண்டாம் கதையில் இரண்டு மகன்கள். ஒன்பதாம் கதையில் மூன்றாவது மகனிடமிருந்து போன் வந்துவிட்டது. வாசகர் ஒருவர் 'இடையில் எப்போது பிறந்தான்?' என்று எழுதிக் கேட்டார். அவர் அவ்வளவு நெருக்கமாகப் படித்திருக்கிறார், நான் அவ்வளவு நெருக்கமாக எழுதவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு பாத்திரத்துக்கும் இரண்டு பக்கம் ஒதுக்குகிறேன்.

ஒரு பக்கத்தில் மாறாதவை: பிறந்த ஆண்டு, கல்யாண ஆண்டு, பிள்ளைகள், எந்தக் கண்ணில் புரை, காபியா டீயா, கையில் என்ன பை. மறு பக்கத்தில் ஒவ்வொரு கதை முடிந்ததும் ஒரு வரி: எந்த மாதம், அவள் என்ன சொன்னாள், எதைத் தெரிந்துகொண்டாள், அந்த இரண்டு சொற்களில் எது வந்தது.

காலத்தை முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். அவளுக்கு வயது ஏறுமா, இல்லை என்றைக்கும் அறுபதுதானா? ஏறும் என்றால் ஊரும் உலகமும் அவளோடு மாறவேண்டும். 2018-இல் நடக்கும் கதையில் சங்கரன்கோவில் திருநெல்வேலி மாவட்டத்தில் இருக்கும். தென்காசி மாவட்டம் 2019-இல்தான் பிரிந்தது. 2021-இல் வந்த பெண்களுக்கான இலவசப் பயணம் சாதாரண நகரப் பேருந்துக்குத்தான். ஊர் விட்டு ஊர் போகும் நாலு மணி பஸ்ஸில் கோமதி டிக்கெட் எடுத்தே ஆகவேண்டும். இதைத் தவறவிட்டால் அந்த வழியில் தினம் போகிறவர் உடனே கண்டுபிடித்துவிடுவார். கவனித்து எழுதினாலோ, டிக்கெட் காசையும் அவள் எண்ணுவாள், ஒரு கதையே கிடைக்கும்.

ஒரே ஒரு முறை உடைப்பது

பத்துப் பன்னிரண்டு கதைகள் ஆன பிறகு வாசகருக்கு ஒரு விஷயம் உறுதியாகத் தெரிந்திருக்கும்: அத்தை நாலு மணி பஸ்ஸுக்குப் போகமாட்டாள். அதை உடைக்க அதுதான் நேரம். அதற்கு முன்னால் உடைத்தால் யாருக்கும் உறைக்காது.

அண்ணன் வீட்டை விற்கப் போகிறார் என்று வையுங்கள். விலை பேசி முன்பணமும் வாங்கியாகிவிட்டது. வழக்கம்போல் அவளுக்கு யாரும் சொல்லவில்லை. வந்த இடத்தில் தெரிந்துகொள்கிறாள். எல்லோரும் அவள் என்ன சொல்லப் போகிறாளோ என்று காத்திருக்கிறார்கள். 1994-ஐ இந்தக் கதையில் நீங்கள் வெளியே எடுக்கலாம், ஆனால் அவள் வாயால் வேண்டாம். அண்ணனே தயங்கித் தயங்கிச் சொல்லட்டும். அவள் வீட்டைத் திட்டவும் வேண்டாம், அழவும் வேண்டாம். 'எனக்கென்ன' என்றுகூட ஆரம்பிக்க வேண்டாம். 'மணி என்ன மைனி?' என்று மட்டும் கேட்கட்டும். 'மூணரை.' பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறாள்.

பஸ் நிலையத்தையும் பஸ்ஸில் அவள் முகத்தையும் எழுதவேண்டும் என்று கை துறுதுறுக்கும். எழுதாதீர்கள். கதை சொல்பவன் அண்ணன் மகன். அவன் வீட்டில்தான் இருக்கிறான். அவனுக்குத் தெரிவது நாலு மணிக்கு அடுப்படியில் ஆறிக்கொண்டிருக்கும் அவள் டம்ளர் காபி மட்டும்தான்.

அடுத்த கதையில் அவள் திரும்பி வரலாம், வரவேண்டும். ஆனால் 'நாலு மணி பஸ்' என்ற சொல்லை இனி அவள் பயன்படுத்த முடியாது, அது நிஜமாகிவிட்டது. குறிப்பேட்டில் அதன் எதிரே ஒரு கோடு போட்டுவிடுங்கள். 'எண்ணிப் பாத்தியா' மட்டும் கொஞ்ச நாள் தனியாக ஓடட்டும். அவள் வந்து இறங்கும் அந்தக் கதையில் மருமகன் பஸ் நிலையத்துக்கு அந்த வண்டியை எடுத்துக்கொண்டு போயிருப்பான். தவணையில் இன்னும் எத்தனை மாதம் பாக்கி என்பதை எழுத உட்காரும் முன் எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். அவள் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.